ஏப்ரலில் மட்டும் ஏன் இடிக்கிறது: ஆண்டுச் செலவுகளுக்கு மாதாமாதம் ஒதுக்க மூன்று வழிகள்

ஸ்கூல் ஃபீஸ், இன்ஷூரன்ஸ் பிரீமியம், தீபாவளி, பொங்கல் என்று வருஷத்தில் சில மாதங்களில் மட்டும் மொத்தமாக வந்து நிற்கும் செலவுகளுக்கு மாதாமாதம் ஒரு தொகையை எடுத்து வைக்க வேண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. மாதம் எவ்வளவு என்று கேட்டால்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. போன வருஷச் செலவைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அதை ஒழுங்காகப் போட்டும் வந்து, ஏப்ரலில் ஃபீஸ் கட்டக் கையைப் பிசைகிற குடும்பங்களை பெங்களூரில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சிக்கனம் தெரியாதவர்கள் இல்லை. கணக்குப் போட்ட விதம்தான் அவர்களைக் கவிழ்க்கிறது.

மூன்று விதமாக இந்தக் கணக்கைப் போடலாம். ஒன்று, மேலே சொன்னது போல் மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுப்பது. இரண்டு, ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனியாக ஒதுக்குவது. நம் வீடுகளில் பீரோவுக்குள் கவர் கவராகப் பணம் பிரித்து வைப்பார்களே, அதே முறை. மூன்று, எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு வைத்து, ஒவ்வொரு மாத முடிவிலும் அதில் எவ்வளவு மிஞ்சும் என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பது. லிங்கராஜபுரத்தில் இருக்கும் என் தம்பி வீட்டுக் கணக்கை வைத்தே மூன்றையும் ஒப்பிடுகிறேன். சொந்த ஃபிளாட், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், ஒரு கார். எண்களை ஆயிரத்துக்கு முழுமையாக்கியிருக்கிறேன். கையில் இருந்த பதிவுகள் 2025 மே முதல் 2026 ஏப்ரல் வரை. திட்டம் அடுத்த பன்னிரண்டு மாதத்துக்கு.

| மாதம் | செலவு | பதிவில் கிடைத்தது | திட்டத்தில் |
|---|---|---|---|
| ஜூன் | புத்தகம், யூனிஃபார்ம், வேன் | 20,000 | 22,000 |
| ஆகஸ்ட் | கார் இன்ஷூரன்ஸ் | 12,000 | 12,000 |
| அக்டோபர் | இரண்டாம் தவணை ஃபீஸ் | 44,000 | 48,000 |
| நவம்பர் | தீபாவளி | 24,000 | 40,000 |
| டிசம்பர் | ஹெல்த் இன்ஷூரன்ஸ் | 26,000 | 28,000 |
| ஜனவரி | பொங்கலுக்கு ஊர்ப் பயணம் | 10,000 | 12,000 |
| மார்ச் | எல்ஐசி பிரீமியம் | 36,000 | 36,000 |
| ஏப்ரல் | முதல் தவணை ஃபீஸ் | 66,000 | 72,000 |
| ஏப்ரல் | சொத்து வரி | 6,000 | 6,000 |
| | மொத்தம் | 2,44,000 | 2,76,000 |

பதிவில் கிடைத்ததற்கும் திட்டத்துக்கும் 32,000 ரூபாய் வித்தியாசம். இது சும்மா ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஏற்றிய தொகை இல்லை. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த வேலையை முதலில் செய்தாக வேண்டும் என்பதால், அது எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம்.

ஃபீஸில் இருந்து தொடங்குகிறேன். முதல் தவணை 2024இல் 55,000, 2025இல் 60,000, 2026இல் 66,000. மூன்று வருஷச் சராசரி எடுத்தால் 60,000 சொச்சம் வரும். ஆனால் ஏறிக்கொண்டே போகும் தொகைக்குச் சராசரி எடுப்பது வீண்வேலை. அது எப்போதும் நடுவில் இருக்கும் வருஷத்தைத்தான் காட்டும். கடைசியாகக் கட்டியதை எடுத்துக்கொண்டு, போன இரண்டு ஏற்றங்கள் எவ்வளவோ அதே அளவு ஏற்றினால் 72,000 வருகிறது. இரண்டாம் தவணைக்கு ஊகமே தேவைப்படவில்லை. ஏப்ரலில் பள்ளி கொடுத்த ஃபீஸ் அட்டவணையிலேயே அக்டோபர் தவணை 48,000 என்று அச்சாகியிருந்தது. ரசீதை வைத்துக்கொண்டு அட்டவணையைக் குப்பையில் போடுகிறவர்கள்தான் அதிகம். ரசீதைவிட அட்டவணை நமக்கு உபயோகமானது.

ஹெல்த் இன்ஷூரன்ஸில் ஒரு பொறி இருக்கிறது. 2024 டிசம்பரில் தம்பி கட்டியது 28,320. 2025 டிசம்பரில் 26,000. பார்த்தால் குறைந்தது போலத் தெரியும். தனிநபர் ஆயுள், ஹெல்த் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விலக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னால் ஹெல்த் பாலிசிக்கு 18 சதவீதம். ஆக 28,320இல் வரி 4,320 போக, உண்மையான பிரீமியம் 24,000தான். அது அடுத்த வருஷம் 26,000 ஆக ஏறியிருக்கிறது. வரி போன சந்தோஷத்தில் ஏற்றம் கண்ணில் படவில்லை. வரி இனி இரண்டாவது முறை போகாது, பிரீமியம் மட்டும் ஏறும். அதனால்தான் 28,000. உங்கள் பழைய ரசீதுகளிலும் 2025 செப்டம்பருக்கு முந்தையவற்றில் வரி நீக்கிய தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். எல்ஐசியில் இந்தக் கவலை இல்லை. பாலிசி எடுத்தபோது வைத்த பிரீமியம்தான் கடைசி வரை.

இதில் பெரிய ஓட்டை தீபாவளி. ஃபீஸுக்கு ஒரு ரசீது உண்டு, தீபாவளிக்குக் கிடையாது. தம்பி யுபிஐ வரலாற்றில் ஜவுளிக்கடை, இனிப்புக்கடை, பஸ் டிக்கெட் என்று தேடி எடுத்துக் கூட்டியதில் 24,000 வந்தது. “அவ்வளவுதான் அக்கா, நாங்க தாம்தூம்னு எதுவும் செய்யல” என்றான். அவன் மனைவி சிரித்தாள். ஓசூர்ப் பக்கம் போய் வாங்கிய பட்டாசுக்கு ரொக்கம், வீட்டு வேலைக்கு வருகிறவருக்கும் வாட்ச்மேனுக்கும் இனாம், ஊரில் பெரியவர்கள் கையில் கொடுத்தது, குழந்தைகளை அழைத்துப் போனபோது வெளியில் சாப்பிட்டது எதுவும் அந்தத் தேடலில் வரவே இல்லை.

பண்டிகைச் செலவைத் தேடிப் பிடிக்க முயலக் கூடாது. மிச்சத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். மேலே உள்ள அட்டவணையின் பெரிய பில்கள், வீட்டுக் கடன் இஎம்ஐ, சொந்தக் கணக்குகளுக்கு இடையே மாற்றிய பணம் ஆகியவற்றைக் கழித்துவிட்டு, ஒவ்வொரு மாதமும் கணக்கிலிருந்து மொத்தம் எவ்வளவு வெளியே போனது என்று எழுதுங்கள். ஏடிஎம்மில் எடுத்த ரொக்கமும் இதில் சேரும். கிரெடிட் கார்டு இருந்தால் கார்டில் செலவு செய்த தேதியையே எடுங்கள். பில் கட்டிய தொகையைச் சேர்த்தால் ஒரே செலவு இரண்டு முறை வந்துவிடும். பன்னிரண்டு மாத எண்களில் நடுவில் நிற்கும் எண்தான் சாதாரண மாதம். சராசரி வேண்டாம், ஏனென்றால் பண்டிகை மாதமே சராசரியைத் தூக்கிவிடும். தம்பி வீட்டுக்கு அந்த நடு எண் 41,000. செப்டம்பரில் 52,000, அக்டோபரில் 63,000 போயிருந்தது. அதிகப்படி 11,000, 22,000. அதோடு ஆகஸ்டில் எடுத்த ரயில் டிக்கெட் 4,000. மொத்தம் 37,000. விலைவாசிக்குக் கொஞ்சம் சேர்த்து 40,000 என்று வைத்தோம். பொங்கலையும் இப்படிப் பார்த்ததில் 10,000 என்பது 12,000 ஆனது.

டிக்கெட் ஆகஸ்டில் ஏன் வந்தது என்று கேட்கலாம். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. 2025 தீபாவளி அக்டோபர் 20. அதனால் ஆகஸ்ட் இருபதை ஒட்டி டிக்கெட் எடுத்தார்கள். 2024 தீபாவளி அக்டோபர் 31. அதற்கான டிக்கெட் பழைய விதிப்படி ஜூலையிலேயே எடுத்தாகிவிட்டது. 2026 தீபாவளி நவம்பர் 8, டிக்கெட் செப்டம்பர் முதல் வாரத்துக்கு வரும். பழைய பதிவில் எந்த மாதத்தில் இருந்ததோ அதே மாதத்தில் இந்த வருஷமும் வரும் என்று பண்டிகைச் செலவில் எழுதிவிடக் கூடாது. பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் மாதத்தைக் குறிக்க வேண்டும்.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

பன்னிரண்டால் வகுப்பது

பதிவில் கிடைத்த 2,44,000ஐ அப்படியே பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 20,333. மே மாதம் தொடங்கி ஒழுங்காகப் போட்டு வந்தால் என்ன நடக்கும்? ஜூன் முடிவில் கையில் 18,700 இருக்கும். செப்டம்பர் முடிவில் 67,700. டிசம்பரில் எல்லாம் கட்டிய பிறகும் 12,700 மிஞ்சும். மார்ச்சில் எல்ஐசி கட்டிய பிறகு 25,700. பதினோரு மாதம் எந்தப் பில்லும் நிற்காது, யாருக்கும் கவலை வராது. ஏப்ரலில் 78,000 கட்ட வேண்டிய அன்று சரியாக 32,000 குறையும். வருஷம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்த பணம் ஒரே நாளில் வந்து நிற்கிறது. இதனால்தான் ‘ஏப்ரலில் மட்டும் ஏதோ ஆகிவிடுகிறது’ என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நவம்பரிலேயே ஆகிவிட்டது. அப்போது 39,000 இருக்க வேண்டிய இடத்தில் 20,000 சொச்சம்தான் இருந்தது. அந்த 39,000 எங்கிருந்து வந்த எண் என்பதை மூன்றாவது வழியில் சொல்கிறேன்.

திருத்திய மொத்தத்தை, அதாவது 2,76,000ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 23,000. தொகை சரி. ஆனால் இதை எந்த மாதம் தொடங்குவது என்று இந்த வழி சொல்லாது. நிறையப் பேர் நிதியாண்டு என்று ஏப்ரலில் தொடங்குகிறார்கள். தொடங்கிய மாதமே 23,000 போட்டு 78,000 கட்ட வேண்டும். 55,000 துண்டு விழும். அந்த ஓட்டை ஜூலை வரை அடைபடாது. வெறுத்துப் போய் அந்த மாதமே விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

தனித்தனிக் கவர்

ஒவ்வொரு செலவுக்கும் ஒரு கவர். தொகையை, அந்தத் தேதி வரை மீதி இருக்கும் மாதங்களால் வகுப்பது. மே மாதம் தொடங்கினால் ஜூன் மாதச் செலவுக்கு மாதம் 11,000, அக்டோபர் ஃபீஸுக்கு 8,000, அடுத்த ஏப்ரலுக்கு 6,500 என்று போகும். எல்லாக் கவரையும் கூட்டினால் முதல் மாதம் 42,300 தேவைப்படுகிறது. ஜூன் கவர் முடிந்ததும் ஜூலையில் 33,200 ஆகும். பிறகு படிப்படியாகக் குறைந்து அடுத்த ஏப்ரலில்தான் 23,000க்கு வந்து நிலைக்கும்.

ஒரே செலவுகள், ஒரே வருஷம். ஒரு வழிக்கு 23,000, இன்னொன்றுக்கு 42,300. காரணம் எளிது. கவர் முறையில் ஏப்ரல் ஃபீஸுக்காக மே மாதம் போட்ட பணம் பதினோரு மாதம் சும்மா கிடக்கும்; பக்கத்துக் கவரில் ஜூன் புத்தகத்துக்குப் பணம் போதாமல் இருந்தாலும் அதைத் தொட முடியாது. நிதியை நடத்தும் இரண்டு வருஷத்துக்குள் இந்த வித்தியாசம் கரைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் முதல் வருஷத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம், அந்த வருஷத்தில்தான் இது அதிகம் கேட்கிறது.

இந்த முறைக்கு ஒரு பலம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஒரே கணக்கில் 81,000 இருப்பதைப் பார்த்தால் ‘பணம் நிறைய இருக்கே’ என்று வீட்டில் யாருக்காவது தோன்றும். தீபாவளிக்குப் பட்டுப்புடவை ஒன்று கூடும், சிக்பேட்டையில் அது 6,000இல் நிற்காது. கவரில் ‘தீபாவளி 40,000’ என்று எழுதியிருந்தால் அந்த எல்லை கண்ணெதிரே நிற்கும். கணவன் மனைவி இருவரும் ஒரே கணக்கிலிருந்து எடுக்கிற வீட்டில் பண்டிகையை மட்டும் தனியாகப் பிரித்து வைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. ஃபீஸும் பிரீமியமும் பில் தொகைக்கு மேல் ஒரு ரூபாய் போகாது. அவற்றுக்குக் கவர் தேவையில்லை.

ஒரே கணக்கு, ஓடும் இருப்பு

இதில் மாதத் தொகை 23,000தான். கூடுதலாகச் செய்வது, ஒவ்வொரு மாதமும் போட்ட பணம், எடுத்த பணம், மிஞ்சும் இருப்பு என்று ஒரு வருஷத்தை முதலிலேயே எழுதிப் பார்ப்பது. மாதம் முதல் தேதி சம்பளம் வந்ததும் பணம் போகிறது என்று வைத்துக்கொண்டு, ஸ்ப்ரெட்ஷீட்டில் B பத்தியில் போடுவது, C பத்தியில் அந்த மாதச் செலவு, D பத்தியில் இருப்பு. D1இல் தொடக்க இருப்பை எழுதுங்கள், இப்போதைக்கு 0.

```
D2:  =D1+B2-C2      (கீழே D13 வரை இழுக்கவும்)
E1:  =MIN(D2:D13)
```

E1இல் வரும் எண் மைனஸில் இருந்தால், அந்த அளவு பணத்தை முதலிலேயே போட்டுத் தொடங்க வேண்டும் என்று அர்த்தம். ஏப்ரலில் தொடங்குவதாக ஓட்டினால் மைனஸ் 55,000 வருகிறது. அதே தொகையை, அதே செலவுகளை மே மாதத்திலிருந்து ஓட்டினால் மாத முடிவு இருப்பு இப்படிப் போகிறது: மே 23,000, ஜூன் 24,000, ஜூலை 47,000, ஆகஸ்ட் 58,000, செப்டம்பர் 81,000, அக்டோபர் 56,000, நவம்பர் 39,000, டிசம்பர் 34,000, ஜனவரி 45,000, பிப்ரவரி 68,000, மார்ச் 55,000, ஏப்ரல் 0. எங்கேயும் மைனஸ் இல்லை. முதல் பணம் ஒரு பைசாகூட வேண்டாம்.

ஒரு மாதம் தள்ளித் தொடங்கியதில் 55,000 ரூபாய் மிச்சம் என்பது மாயம் மாதிரித் தெரியலாம். எந்த வீட்டுக் கணக்கிலும் வருஷத்தில் இருப்பு அடிமட்டத்தைத் தொடும் மாதம் ஒன்று இருக்கும். அந்த மாதத்துக்கு அடுத்த மாதம்தான் தொடங்க ஏற்ற நேரம். பெங்களூரில் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளில் அந்த அடிமட்டம் பெரும்பாலும் மார்ச் முதல் ஜூன் வரையிலான நான்கு மாதத்துக்குள் விழும். பள்ளி திறப்பதற்கு முன்பே முதல் தவணை கேட்பார்கள். ஏப்ரலுக்குள் முழுதாகக் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி என்பதால் சொத்து வரியும் அதே மாதம். எல்ஐசி ஏன் மார்ச்சில் நிற்கிறது தெரியுமா? வரி சேமிப்புக்கு ஆதாரம் காட்ட பிப்ரவரி, மார்ச்சில் அவசரமாகப் பாலிசி எடுத்தவர்கள் ஏராளம். எடுத்த தேதியே பிரீமியத் தேதி ஆகிவிடுகிறது, கடைசி வரை. தம்பியும் அப்படித்தான் எடுத்தான்.

வருஷ பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டே, மார்ச் பில்லைத் தள்ளினால் என்ன என்று அவன் கேட்டான். தள்ளினால் அது ஏப்ரலில் போய் விழும், ஏற்கெனவே பாரம் கூடிய மாதத்தில். சலுகைக் காலத்தை இருப்பு ஏறிக்கொண்டிருக்கும் மாதங்களில் பயன்படுத்தலாம், இங்கே கூடாது. மாதப் பிரீமியமாக மாற்றிக்கொள்வது இன்னொரு வழி. எல்ஐசியின் எண்டோமென்ட் வகைப் பாலிசிகள் பலவற்றில் வருஷத்துக்கு ஒரு முறை கட்டினால் அட்டவணைப் பிரீமியத்தில் 2 சதவீதம் குறைப்பார்கள். மாதமாக மாற்றினால் அது போய்விடும். 36,000க்கு 700 ரூபாய் அளவு. சலுகைக் காலமும் 15 நாளாகக் குறையும். ஒதுக்கு நிதியை நடத்த முடியாது என்று நினைப்பவர்களுக்கு அந்த 700 ரூபாய் நியாயமான விலைதான். நடத்த முடிகிறவர்களுக்குத் தேவையில்லை.

வருஷ நடுவில் தொடங்குகிறவர்கள் என்ன செய்வது? மேலே உள்ள வரிசையிலேயே பதில் இருக்கிறது. நீங்கள் தொடங்கும் மாதத்துக்கு முந்தைய மாத இருப்பு எவ்வளவோ, அதுதான் முதலில் போட வேண்டிய தொகை. ஜூலையில் தொடங்கினால் 24,000. செப்டம்பரில் தொடங்கினால் 58,000. மார்ச்சில் தொடங்கினால் 68,000. ஜனவரியில் 34,000தான், ஏனென்றால் அதற்குள் பண்டிகையும் பிரீமியமும் முடிந்திருக்கும்.

முதல் பணம் இல்லை என்றால் மாதத் தொகையைக் கொஞ்ச நாளைக்கு ஏற்ற வேண்டும். எவ்வளவு என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு பில் வரும் மாதத்திலும் அதுவரை ஆகும் மொத்தச் செலவை அதுவரை போடும் தவணைகளின் எண்ணிக்கையால் வகுத்து, வரும் எண்களில் பெரியதை எடுக்க வேண்டும். செப்டம்பரில் வெறும் கையோடு தொடங்கினால், அக்டோபருக்கு 48,000ஐ இரண்டால் வகுத்து 24,000, நவம்பருக்கு 88,000ஐ மூன்றால் வகுத்து 29,300, டிசம்பருக்கு 29,000, ஏப்ரலுக்கு 2,42,000ஐ எட்டால் வகுத்து 30,250. ஆக ஏப்ரல் வரை மாதம் 30,250, மே முதல் 23,000. இது கவர் முறையின் 42,300ஐவிட எவ்வளவோ மேல்.

தம்பி வீட்டுக்கு மூன்றாவது வழியைத்தான் தேர்ந்தெடுத்தோம், தீபாவளி 40,000ஐ மட்டும் தாளில் தனியாக எழுதி. அந்தப் பன்னிரண்டு மாத இருப்பு வரிசையைச் சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு மாதத்தின் கீழும் பென்சிலால் எழுதிவிட்டாள் தம்பி மனைவி. மாதக் கடைசியில் கணக்கில் இருப்பதையும் பக்கத்தில் எழுதுவாள். இரண்டும் ஓரிரு ஆயிரத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம். தொடர்ந்து இரண்டு மாதம் 5,000க்கு மேல் கீழே இருந்தால் ஏதோ ஒரு செலவைக் குறைத்து எழுதியிருக்கிறோம் அல்லது வேறு ஏதோ இதிலிருந்து போகிறது. அப்போதே மீதி மாதங்களுக்குப் பிரித்து ஏற்றிவிட்டால் ஏப்ரலில் அதிர்ச்சி இருக்காது. ஒரு எச்சரிக்கை: தீபாவளிப் பணம் முழுவதும் நவம்பரில் எடுப்பதாக எழுதியிருக்கிறோம், ஆனால் டிக்கெட்டும் துணியும் செப்டம்பர், அக்டோபரிலேயே வாங்குவார்கள். அந்த மாதங்களில் இருப்பு வரிசையைவிடக் குறைவாகத் தெரியும். நவம்பர் முடிவில் இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

பணத்தை எங்கே வைப்பது

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எனக்கு இது கடைசிக் கேள்வி. மேலே உள்ள மாத இருப்புகளின் சராசரி 44,000 ரூபாய் அளவு. பெரிய வங்கியின் சேமிப்புக் கணக்கில் இரண்டரை சதவீதம் என்றால் வருஷத்துக்கு 1,100 வட்டி. ஆறு சதவீதம் தரும் இடத்தில் வைத்தால் 2,650. வித்தியாசம் 1,500 ரூபாய் சொச்சம். ஏப்ரலில் 32,000 குறைந்து அதைக் கிரெடிட் கார்டில் தள்ளினால், மாதம் மூன்றரை சதவீத வட்டியில் முதல் மாதமே 1,100 ரூபாய்க்கு மேல் போய்விடும். கட்டி முடிக்க நாலு மாதம் ஆனால் வட்டி வித்தியாசம் முழுவதும் கரைந்து மேலேயும் போகும்.

அதனால் சம்பளக் கணக்கு இல்லாத வேறு ஒரு சேமிப்புக் கணக்கே போதும். அதை யுபிஐ ஆப்பில் இணைக்காமல் விடுங்கள். 12 மாத ஆர்டி இந்த வேலைக்குச் சரிவராது. மே 1இல் தொடங்கினால் அடுத்த மே 1இல்தான் முதிரும், ஃபீஸ் ஏப்ரலில். இடையில் ஜூன், அக்டோபர் பில்களுக்கு உடைத்தால் வட்டியைக் குறைத்துத் தருவார்கள். அஞ்சலக ஆர்டி ஐந்து வருஷம், பேச்சே இல்லை. லிக்விட் ஃபண்டில் ஏழு நாளுக்குப் பிறகு எடுக்கக் கட்டணம் இல்லை, விற்றால் அடுத்த வேலை நாளில் பணம் வந்துவிடும்; ஏற்கெனவே மியூச்சுவல் ஃபண்டில் பழகியவர்களுக்குப் பரவாயில்லை. லாபம் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும்.

வருமானம் பார்த்தே தீர வேண்டும் என்றால் இருப்பு வரிசையையே பாருங்கள். ஜூலை முதல் மார்ச் வரை கணக்கு 34,000க்குக் கீழே இறங்குவதே இல்லை. அந்த 34,000ஐ ஜூலையில் ஏப்ரல் ஃபீஸ் தேதிக்கு முன்னால் முதிரும்படி ஒரு எஃப்டியில் போட்டுவிடலாம். தீபாவளித் துணியை முன்கூட்டி வாங்கி நெருக்கினால் மட்டும் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள். அதற்கு மேல் பூட்டினால் ஏதோ ஒரு பில்லுக்கு உடைக்க வேண்டிவரும்.

சீட்டு பற்றியும் கேட்பார்கள், பெங்களூர்த் தமிழர்களிடம் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. பதிவு பெற்ற சீட்டு 1982ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் வரும், நடத்துபவர் கழிவு அதிகபட்சம் 7 சதவீதம். பாதுகாப்பு ஒருபுறம் இருக்கட்டும், இங்கே தடை வேறு. சீட்டுப் பணம் எந்த மாதம் கைக்கு வரும் என்பதை ஏலம் முடிவு செய்கிறது. ஏப்ரலில் உங்களைப் போலவே எல்லோரும் பணம் வேண்டும் என்பார்கள், ஏலத்தில் தள்ளுபடி கூடும். தேதி உறுதியாகத் தெரிந்த செலவுக்குத் தேதி உறுதியில்லாத பணம் பொருந்தாது.

பழைய பதிவுகளால் சொல்ல முடியாத ஒரு செலவும் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்து பியு கல்லூரியில் சேரும் வருஷம். ஃபீஸ் அமைப்பே மாறிவிடும், சேர்க்கைக் கட்டணம் புதிதாக வரும், கோச்சிங் சேர்ந்தால் அது வேறு. கடந்த ஃபீஸ்களின் ஏற்றத்தை அந்த வருஷத்துக்கு நீட்டிப் பார்ப்பது தவறான எண்ணைத்தான் தரும். தம்பியின் பெரிய பெண் அந்த வகுப்புக்குப் போவதற்கு முந்தைய வருஷமே, பார்த்து வைத்திருக்கும் இரண்டு கல்லூரிகளின் அப்போதைய ஃபீஸ் அட்டவணையைக் கேட்டு வாங்கி, இந்த வரிசையில் பள்ளி ஃபீஸ் இருந்த இடத்தில் அதை எழுதி மறுபடி ஓட்டிப் பார்ப்பதாக முடிவு.